செஞ்சிச் செய்திகளும் கூற்று மாற்றமும்

செஞ்சிக் கோட்டையின் வரலாற்றை எழுதப் புகுவார்க்குக் கிடைக்கும் சான்றுகளுள் கல்வெட்டும் கட்டடமும் சிலவே. பெரும்பகுதி ஒருவர் சொன்னதை மற்றொருவர் எழுதி வைத்த செய்திகளாம். 1698இல் சுல்பிகர்கான் முற்றுகையை முடித்துக் கோட்டைக்குள் புகுந்தமையும், 1714இல் தேசிங்கு போரில் மாண்டமையும், 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை இரவோடிரவாக மலைகளில் ஏறிப் பிடித்தமையும், 1761இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனமையும் தூதர் வாய்மொழியாகவும் கடிதமாகவும் துபாசியின் மொழிபெயர்ப்பாகவும் பயணம் செய்த பின்னரே ஏடுகளில் நிலைத்தன. நாம் படிப்பது நிகழ்ச்சியை அன்று; நிகழ்ச்சியைப் பற்றிய கூற்றையே.

கூற்று ஒரு வாயிலிருந்து மறு வாய்க்கு மாறும்போது அதன் சொற்களும் மாறுகின்றன. 'நான்' என்றது 'தான்' ஆகிறது; 'இங்கே' என்றது 'அங்கே' ஆகிறது; 'நாளை' என்றது 'மறுநாள்' ஆகிறது. இம்மாற்றத்தையே பள்ளி இலக்கணம் நேர்கூற்று அயற்கூற்றாதல் என்று கற்பிக்கின்றது. ஆயினும் பள்ளி நூல்கள் பல, ஆங்கில இலக்கணத்தின் நிழலில் நின்று இதனைக் கூறுவதால், தமிழில் மாறுவது எது, மாறாதது எது என்பது தெளிவுபடாமல் நிற்கின்றது. தமிழில் இடம் மாறும், காலம் மாறாது. இடமும் எப்போதும் முழுமையாக மாறுவதில்லை. இவ்வியல்பை அறியாமற் படிப்பார் செஞ்சிச் செய்திகளில் யார் பேசினார், யாரைக் குறித்தார், எப்போதைக்குச் சொன்னார் என்பவற்றில் தவறுவர். அதனை மூன்று நிலைகளிற் காண்போம். கீழே காட்டப்பெறும் தொடர்கள் அக்கால உரைநடையின் போக்கை ஒட்டி யாம் விளக்கத்திற்காக அமைத்தவை. எந்த நூலினின்றும் எடுத்தவை அல்ல என்பது முதற்கண் நினைவிற் கொள்ளத்தக்கது.

1. கூற்று எங்கே தொடங்குகின்றது?

'என' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு பொருள்நிலைகளைக் கூறி, 'என்று' என்பதும் அதனை ஒத்தது என்பர். பிறர் கூற்றைக் கொண்டு வந்து நிறுத்துதல் இச்சொற்களின் பெருந்தொழில். இவை எப்போதும் கூற்றின் இறுதியிலேயே நிற்கும். ஆகவே 'என்று' கூற்று முடியும் இடத்தை ஐயமின்றிக் காட்டும். தொடங்கும் இடத்தைக் காட்டாது.

இன்று அச்சிடுவோர் மேற்கோட்குறியால் அத்தொடக்கத்தைக் காட்டுகின்றனர். பனையோலையிலும் பழைய காகிதச் சுவடிகளிலும் அக்குறி இல்லை. ஆதலின் பழஞ்சுவடியைப் பதிப்பிப்பவர் ஒரு குறியை இடுந்தோறும் ஒரு முடிபைச் செய்கின்றார். படிப்பவரோ அக்குறியை மூல ஆசிரியர் இட்டதாகவே கருதிவிடுகின்றார்.

செஞ்சியிலிருந்து வந்த ஆளைப் பற்றிய குறிப்பு இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்: நேற்று ராத்திரி கோட்டையிலே ஏணி போட்டார்கள் என்று ஆள் வந்து சொன்னான். 'நேற்று ராத்திரி' என்பது கூற்றினுள் அடங்குமாயின், ஆள் பேசிய நாளுக்கு முந்திய இரவு ஏணி போடப்பட்டது. அது எழுதுவோன் தானே முன்வைத்த காலக் குறிப்பாயின், ஆள் வந்து சொன்னதே நேற்று இரவு. ஏணி போட்டது அதற்கும் முன்னர். இரண்டு பொருளுக்கும் தொடர் இடந்தருகின்றது. நாட்குறிப்பொன்றைக் கொண்டு படை நகர்ந்த நாளைக் கணக்கிடும் வரலாற்றாசிரியர்க்கு இதனால் ஒரு நாள் முன்பின் ஆகும். ஓரிரவில் முடிந்த முற்றுகைக்கு ஒரு நாள் என்பது சிறிய அளவன்று.

இதனைத் தீர்க்கும் வழி தொடருக்குள் இல்லை. அதே கையெழுத்தில் வரும் பிற தொடர்களில் உண்டு. எழுதுவோன் தன் காலக் குறிப்பை வழக்கமாகத் தொடரின் தலையில் வைப்பவனா, 'சொன்னான்' என்பதற்கு அண்மையில் வைப்பவனா என்பதைப் பத்துப் பதினைந்து இடங்களிற் கண்டு தொகுத்தால் அவன் வழக்கம் புலப்படும். அவ்வழக்கத்தை அறிந்த பின்னரே மேற்கோட்குறி இடுதல் தகும்.

2. இடம் எவ்வாறு மாறுகின்றது?

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடமும் பேசுவோனை நடுவணாகக் கொண்டு அமைந்தவை. பேசுவோன் மாறினால் நடுவண் மாறும். நடுவண் மாறினால் இடமும் மாறும். தொல்காப்பியர், வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகட்கு உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் வகுத்தார். பெயரில் மட்டுமன்றி வினையிலும் பேசுவோன் நிற்கும் இடம் பதிந்திருத்தலை அவர் உணர்ந்திருந்தமைக்கு இது சான்று. 'இங்கே வாரும்' என்று செஞ்சியிலிருந்தவர் எழுதியதைப் புதுச்சேரியிலிருப்பவர் அயற்கூற்றாக்கினால், 'அங்கே போகும்படி எழுதினார்' என வினையே வேறாகிவிடுகின்றது.

தமிழில் இம்மாற்றத்திற்கு இரு வழிகள் உள. ஒன்று, 'என்று' என்னும் சொல்லால் கூற்றை அப்படியே நிறுத்துவது: நான் வருவேன் என்றான். மற்றொன்று, வினைமுற்றைத் தொழிற்பெயராக்கி 'ஆக' என்பதைச் சேர்ப்பது: தான் வருவதாகச் சொன்னான். இரண்டாவதில் 'வருவேன்' என்பதன் தன்மை விகுதி அழிகின்றது. 'வருவதாக' என்பதில் எவ்விடமும் இல்லை; நான், நீ, அவன், அவர்கள் என எப்பெயரும் அதற்கு முன்னர் நிற்கலாம். பேசியவனையே குறிக்க வேண்டுமாயின் 'தான்' என்பது வந்து அக்குறையை நிரப்புகின்றது.

இவ்விரு வழிகட்கும் இடையே மூன்றாவதொரு வழியும் வழக்கில் உண்டு: தான் வருவேன் என்று சொன்னான். ஈண்டு எழுவாய் அயற்கூற்றுக்குரிய 'தான்'. பயனிலை நேர்கூற்றுக்குரிய தன்மை வினை. மரபிலக்கண நோக்கில் இஃது இடவழு எனத் தோன்றும். ஆயின் பேச்சில் இது தவறாகக் கொள்ளப்படுவதில்லை; இக்கால மொழியியலார் இதனைத் தனித்ததோர் அமைப்பாகவே எடுத்து ஆராய்கின்றனர். இது தோன்றியதற்குத் தக்க காரணமும் உண்டு. 'நான் வருவேன் என்று அவன் சொன்னான்' என்றால், வருபவன் சொன்னவனாகவும் இருக்கலாம், சொன்னதை இப்போது நமக்கு உரைப்பவனாகவும் இருக்கலாம். 'தான்' என்று வைத்தவுடன் உரைப்பவன் விலக்கப்படுகின்றான். 'வருவேன்' என்னும் விகுதி சொன்னவனின் வாய்மொழியைக் காத்து நிற்கின்றது. ஐயத்தைப் போக்க மொழி தானே கண்ட வழி இது.

இவ்வழியால் நீங்காத ஐயமும் ஒன்று உண்டு. இக்கட்டுரையின் உயிர்நிலை அதுவே. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் இறக்கும் வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பு, செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஆண்டுகளையும் தழுவியது. அவர் தலைமைத் துபாசி. பிறர் சொன்னதைக் கேட்பதும், அதனைப் பிறர்க்குச் சொல்வதும், இரண்டையும் எழுதி வைப்பதும் அவர் நாளாந்தப் பணிகள். அத்தகைய நிலையில் இருக்கும் ஒருவர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: நான் செஞ்சிக்குப் போகவேண்டும் என்று துரை சொன்னார்.

செஞ்சிக்குப் போக வேண்டியவர் யார்? நேர்கூற்றாகக் கொண்டால் துரையே போகின்றார். அவர் தம் எண்ணத்தை வெளியிடுகின்றார். அயற்கூற்றாகக் கொண்டால் எழுதுபவர் போக வேண்டும். துரை அவர்க்குக் கட்டளையிடுகின்றார். முன்னதில் ஆளுநரின் பயணம். பின்னதில் ஒரு துபாசியின் பயணம். 'போவேன்' என்று இருந்தால் விகுதியாவது ஓரளவு துணை செய்யும். 'போகவேண்டும்' என்பதில் இடங்காட்டும் விகுதியே இல்லை. எனவே 'நான்' என்ற ஒரு சொல்லின் மேல் முழுப் பொருளும் தங்கியுள்ளது. அச்சொல்லோ இரு நடுவண்களுக்கும் பொதுவாய் நிற்கின்றது.

இத்தகைய இடத்தில் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, நேர்கூற்றாயின் துரை எழுதுபவரை எச்சொல்லால் அழைப்பதாக அந்த ஏட்டில் வேறிடங்களிற் காணப்படுகின்றது என்று பார்த்தல். 'நீர் போகவேண்டும் என்றார்' என்னும் வடிவமே கட்டளைகட்கு வழக்கமாக வருமாயின், அவ்வெழுத்தாளர் கட்டளையை நேர்கூற்றாகவே நிறுத்துபவர். ஆகவே மேற்காட்டிய தொடரில் 'நான்' என்பது துரையாதல் வேண்டும். இரண்டாவது, அடுத்து வரும் நாட்களின் குறிப்புகளில் யார் ஊரில் இல்லை என்று பார்த்தல். மூன்றாவது, மறுமொழியை நோக்குதல். 'உத்தரவு' என்றோ 'அப்படியே செய்கிறேன்' என்றோ எழுதுபவர் விடை கூறியிருப்பின் கட்டளை அவர்க்கு ஆயிற்று என்பது பெறப்படும். இம்மூன்றும் ஒத்துநின்றாலன்றி இத்தொடரை ஒரு பயணத்திற்குச் சான்றாகக் காட்டுதல் கூடாது.

இந்நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. மொழிபெயர்ப்பாளர் இத்தகைய இடங்களில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஆங்கிலத்தில் இருபொருளையும் ஒருங்கே வைக்க இயலாது. ஆதலின் ஆங்கிலத்தை மட்டும் படிப்பவர்க்கு ஐயம் ஒன்று இருந்ததே தெரியாது போகும். தமிழ் மூலத்தை நாம் நாட வேண்டியதன் காரணம் மொழிப்பற்று மட்டுமன்று. சான்றின் இயல்பே அதனை வேண்டுகின்றது.

இடம் மாறுங்கால் ஒழிந்துபோகும் செய்திகள் இரண்டனையும் ஈண்டே கூறுதல் பொருந்தும். 'நாம்' கேட்பவனையும் உட்படுத்தும். 'நாங்கள்' அவனை விலக்கும். 'நாம் கோட்டையைப் பிடிப்போம்' என்பதும் 'நாங்கள் கோட்டையைப் பிடிப்போம்' என்பதும் நட்பரசரிடம் சொல்லப்படும்போது வெவ்வேறு உடன்படிக்கைகளாகும். அயற்கூற்றில் இரண்டும் 'தாங்கள் கோட்டையைப் பிடிப்பதாகச் சொன்னார்கள்' என்றே முடியக்கூடும். கேட்பவனுக்குப் பங்கு இருந்ததா என்பது மறைந்துவிடும். அன்றியும் 'தாங்கள்' என்பது அக்காலக் கடிதங்களில் முன்னிலை உயர்வுச்சொல்லாகவும் வழங்கியது. 'தாங்கள் வருவதாக எழுதினார்' என்பதில் வருபவர் எழுதியவரைச் சேர்ந்தோரா, கடிதத்தைப் பெறும் பெருமகனா என்னும் ஐயம் எழும்.

மற்றொன்று மரியாதை. நீ, நீர், தாங்கள் என்னும் மூன்றும் பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையேயுள்ள தரத்தை அளந்து காட்டுவன. நவாபின் தூதன் கோட்டைத் தலைவனை 'நீ' என்றானா, 'நீர்' என்றானா என்பது அரசியல் செய்தி. அயற்கூற்றில் அச்சொல் நீங்கி 'அவன்', 'அவர்' என்பவை நிற்கின்றன. அவற்றில் வெளிப்படும் மரியாதை எழுதுபவனுடையது, தூதனுடையதன்று.

3. காலம் ஏன் மாறுவதில்லை?

ஆங்கிலத்தில் 'சொன்னான்' என்னும் தலைமை வினை இறந்தகாலமாயின், கூற்றினுள் உள்ள வினையும் பெரும்பாலும் ஒரு படி பின்னே தள்ளப்படும். நிகழ்காலம் இறந்தகாலமாகும், இறந்தகாலம் அதற்கும் முந்திய இறந்தகாலமாகும், 'வில்' என்னும் எதிர்காலச் சொல் 'வுட்' என்று மாறும். பிரெஞ்சு மொழியும் இவ்வழியே செல்வது. உருசிய மொழியும் சப்பானிய மொழியும் அவ்வாறு தள்ளுவதில்லை. தமிழும் இப்பின்னைய கூட்டத்தைச் சார்ந்தது.

தமிழ் அயற்கூற்றில் கூற்றினுள் நிற்கும் காலம், பேசியவன் பேசிய நேரத்திலிருந்து அளக்கப்படுவது. 'வந்தேன் என்றான்' என்பது 'வந்ததாகச் சொன்னான்' ஆகின்றது. பேசும்போதே வருகை முடிந்துவிட்டது. 'வருவேன் என்றான்' என்பது 'வருவதாகச் சொன்னான்' ஆகின்றது. பேசும்போது வருகை நிகழவில்லை. சொன்னது நூறாண்டுக்கு முன்னர் ஆயினும் 'வருவதாக' என்பது மாறாது. தலைமை வினையின் இறந்தகாலம் கூற்றினுள் புகுவதில்லை.

ஆயினும் தமிழ் வழியிலும் ஓர் இழப்பு உண்டு. 'வருகிறேன்' என்றதும் 'வருவேன்' என்றதும் பெரும்பாலும் 'வருவதாக' என்ற ஒரே வடிவத்தில் ஒடுங்குகின்றன. 'படை வருகிறது' என்று ஒற்றன் சொன்னானா, 'படை வரும்' என்று சொன்னானா என்பது 'படை வருவதாகச் சொன்னான்' என்பதால் விளங்காது. முன்னதாயின் கோட்டைக் கதவை உடனே அடைக்க வேண்டும். பின்னதாயின் நெல்லும் மருந்தும் சேர்த்துக்கொள்ளப் பொழுதுண்டு. தெளிவாக எழுத விரும்புவோர் 'வந்துகொண்டிருப்பதாக' என்றும் 'வரப்போவதாக' என்றும் வேறுபடுத்தலாம். சுவடியில் 'வருவதாக' என்று மட்டும் இருப்பின், உரைகாரர் அதனை எதிர்காலமென ஒருதலையாகத் துணிதல் கூடாது.

4. தேசிங்கின் உரிமை: ஒரு சான்று

மேற்கூறிய இயல்பை அறியாமையால் வரலாற்றுப் பொருளே திரியும் என்பதற்குத் தேசிங்கின் செய்தி தக்க எடுத்துக்காட்டாகும். புந்தேல இனத்தைச் சேர்ந்த சரூப்சிங்கு முகலாயப் பேரரசின் சார்பில் செஞ்சிக் கோட்டைத் தலைவராய் இருந்தார். அவர் இறந்த பின் மகன் தேசிங்கு கோட்டையின் பொறுப்பை ஏற்றார். ஆர்க்காட்டு நவாபாகிய சாதத்துல்லாகான் நிலுவைப் பணத்தைக் கேட்டார். அதிலிருந்து மூண்ட போரில் 1714 அக்டோபரில் தேசிங்கு மாண்டார். இப்பூசலின் உள்ளீடு ஒரு வினாவே: தந்தைக்குப் பேரரசு அளித்த உரிமை, தந்தை இறந்த பின்னும் மகனிடம் நிற்கின்றதா, இல்லையா?

இச்செய்தி பாரசீக நூல்களிலும், கும்பினியாரின் ஆங்கிலப் பதிவுகளிலும், தமிழ்க் கதைப்பாடலிலும் இடம்பெற்றுள்ளது. செஞ்சியைப் பற்றிய பெருநூலாகிய சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் நூலும் 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழியாக ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. ஆகவே தமிழில் இவ்வரலாற்றை எழுதுவோர் பலர் ஆங்கில அயற்கூற்றிலிருந்து தமிழ் அயற்கூற்றை ஆக்க வேண்டியவராய் இருக்கின்றனர்.

உரிமையைக் கோரும் ஒருவன் தூதனிடம் இவ்வாறு சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "இந்தக் கோட்டை என்னுடையது, இதை என் தந்தை பெற்றார், நாளை நான் போருக்கு வருவேன்." இதனை ஆங்கிலத்தில் அயற்கூற்றாக்கினால், 'என்னுடையது' என்பதற்குரிய நிகழ்கால வினை 'வாஸ்' என்னும் இறந்தகால வடிவை அடையும், 'பெற்றார்' என்பதன் முன்னர் 'ஹாட்' என்பது வந்து சேரும். ஆங்கிலம் அறிந்தார்க்கு இதனால் மயக்கமில்லை. அது வெறும் காலப் பொருத்தம் என்று உணர்வர்.

அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் விளைவது இது: அந்தக் கோட்டை தன்னுடையதாக இருந்தது என்றும், அதைத் தன் தந்தை பெற்றிருந்தார் என்றும் சொன்னான். தமிழில் இதன் பொருள் முற்றும் வேறு. 'தன்னுடையதாக இருந்தது' என்றால், முன்னொரு காலத்தில் அவனுக்கு உரியதாய் இருந்து, சொல்லும்போது உரிமை நீங்கிவிட்டது. 'பெற்றிருந்தார்' என்றால், தந்தை பெற்ற உரிமை இடையில் கழிந்தது என்னும் குறிப்புத் தோன்றும். உரிமை கோரியவன் வாயிலிருந்தே உரிமை இழப்பை ஒப்புக்கொள்ளும் சொல் வருகின்றது. நவாபின் வழக்குரைஞர் விரும்பியிருக்கக்கூடிய வாக்குமூலம் இதுவே! மொழிபெயர்ப்பாளர் அறியாமலே ஒரு பக்கத்திற்குத் தீர்ப்பளித்துவிடுகின்றார்.

தமிழ் இயல்புக்கு ஒத்த வடிவம் இவ்வாறு அமையும்: அந்தக் கோட்டை தன்னுடையது என்றும், அதைத் தன் தந்தை பெற்றார் என்றும், மறுநாள் தான் போருக்கு வருவதாகவும் சொன்னான். 'இந்த', 'என்', 'நாளை', 'நான்' ஆகியவை 'அந்த', 'தன்', 'மறுநாள்', 'தான்' என மாறின. 'என்னுடையது' என்பதன் நிகழ்காலப் பொருளும், 'பெற்றார்' என்பதன் இறந்தகாலமும், 'வருவேன்' என்பதன் எதிர்காலமும் நின்றபடியே நின்றன.

இவ்வழுவைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அயற்கூற்றாக நிற்கும் தமிழ்த் தொடரை மீண்டும் நேர்கூற்றாக்குக. 'தன்னுடையதாக இருந்தது' என்பது 'என்னுடையதாக இருந்தது' என்றே திரும்பும். கோட்டையின் உள்ளே வாளேந்தி நிற்பவன் அந்த நேரத்தில் அவ்வாறு சொல்லுவானா என்று கேட்க. சொல்லான் எனத் தோன்றின், தொடரில் நிற்கும் காலம் அவனுடையதன்று. ஆங்கில இலக்கணத்தின் வழியாக வந்து சேர்ந்ததாகும்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. ஒருவன் தன் உரிமை நீங்கியதை மெய்யாகவே ஒப்புக்கொண்டிருப்பின், 'இருந்தது' என்பதே சரியான வடிவம். அந்நிலையில் ஆங்கிலத் தொடரும் அதே 'வாஸ்' என்னும் வடிவைக் கொண்டிருத்தல் கூடும். ஆங்கில வடிவம் மட்டும் கொண்டு இரண்டையும் பிரித்தறிதல் அரிது. அப்போது சூழலும் பிற சான்றுகளுமே துணை. இலக்கணம் ஐயத்தை எழுப்பித் தரும். எல்லா ஐயத்தையும் தானே தீர்த்துவிடாது.

5. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படுவது இது. 'என்று' என்னும் சொல் நிற்றலால் மட்டும் அதன் முன்னுள்ளது பேசியவனின் சொற்களே என்று கொள்ளலாகாது. 'ஆக' என்னும் வடிவம் நிற்றலால் மட்டும் காலமும் பொருளும் காக்கப்பட்டன என்று அமைதலும் கூடாது. முன்னதில் தொடக்கமும் 'நான்' என்பதும் ஐயத்திற்கு இடனாவன. பின்னதில் விகுதியும், உளப்பாடும், மரியாதையும், நிகழ்கால எதிர்கால வேறுபாடும் ஒழிவன.

ஆதலின் செஞ்சி பற்றிய தமிழ்ச் சுவடிகளைப் பதிப்பிக்கும் மாணவர், மேற்கோட்குறி தாம் இட்டது என்பதை முன்னுரையிற் கூறி, ஐயமான இடங்களில் இரு பாகுபாட்டையும் அடிக்குறிப்பில் தருதல் நலம். ஆங்கில நூலிலிருந்து செய்தியை எடுப்பவர், அயற்கூற்றை முதலில் நேர்கூற்றாக்கிப் பேசியவனுடைய காலத்தைத் துணிந்து, பின்னரே தமிழ் அயற்கூற்றை எழுதுக. இரண்டு படிகளாகச் செய்யும் இவ்வேலையால் ஒரு பக்கத்திற்குச் சில மணித்துளிகள் மிகும். செஞ்சிக்குப் போனவர் துரையா துபாசியா என்பதும், கோட்டையைத் தேசிங்கு தன்னுடையது என்றானா, தன்னுடையதாக இருந்தது என்றானா என்பதும் அச்சில மணித்துளிகளிலேயே தெளிவுபெறும்.